பேச்சு வரவில்லை என்று முதல் நாள் வரும்போது: உள்ளே என்ன நடக்கும், கையில் என்ன இருக்க வேண்டும்

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே சில வீட்டுக்காரர்கள் ஒத்திகையைத் தொடங்கிவிடுவார்கள். "டாக்டர் கேட்டா பேரு சொல்லணும், சரியா? மூக்கு எங்க? காட்டு பாப்போம். யானை எப்படிக் கத்தும்?" முறை வந்து உள்ளே கூப்பிடுவதற்குள் பிள்ளைக்கு எல்லாம் சலித்துப்போயிருக்கும். அம்மாவுக்கோ, பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலுக்குள் நுழைகிற முகம்.

நான் பேச்சு, செவித்திறன் பிரிவில் வேலை பார்க்கிறவள். "மதிப்பீடு" என்கிற சொல்தான் இந்தப் பயத்துக்கெல்லாம் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மதிப்பெண் போடப் போகிறார்கள், குறைந்தால் ஏதோ ஒரு முத்திரை குத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்று உண்மையில் நடப்பது வேறு. இரண்டு, மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்று அழைத்து வரப்படும் குழந்தையை வைத்து அதைச் சொல்கிறேன்.

## குழாயில் தண்ணீர் வரவில்லை

சமையலறைக் குழாயைத் திறக்கிறீர்கள், தண்ணீர் வரவில்லை. குழாயையே கழற்றி மாற்றுவீர்களா? மாட்டீர்கள். மேலே டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடியதா, நடுவில் வால்வை யாராவது மூடிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள்.

பேச்சு என்பது அந்தக் கடைசிக் குழாய். அதற்கு முன்னால் குறைந்தது மூன்று இடங்கள் இருக்கின்றன. காதில் ஒலி சரியாக விழ வேண்டும். விழுந்த ஒலி மூளையில் பொருளாக மாற வேண்டும். அந்தப் பொருளை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் நாக்கும் உதடும். "நாக்குல வசம்பு தேய்ச்சுப் பாத்தோம்", "நாக்குக் கட்டு இருக்காம், வெட்டிவிட்டாப் பேசிடுவானாம்" என்று வருகிறவர்கள் எல்லாரும் கடைசிக் குழாயை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நாக்குக் கட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். பேச்சே வராமல் போவதற்கு அது காரணமாகாது.

இந்த வேலைக்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்றின்கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியிலோ பள்ளியிலோ பரிசோதிக்க வரும் மருத்துவக் குழு சீட்டு எழுதி அங்கேதான் அனுப்பும். கட்டணம் கிடையாது. தனியார் இடத்துக்குப் போனாலும் பார்க்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

சுருக்கமாக: அடைப்பு எந்த இடத்தில் என்று தேடும் நாள் இது. எந்த இடங்களில் அடைப்பு இல்லை என்பதாவது அன்று தெரிந்துவிடும். முழு விடை பெரும்பாலும் ஒரே நாளில் கிடைக்காது.

## முதலில் காது

முகில் என்று ஒரு பையனை வைத்துக்கொள்வோம். பல குழந்தைகளிடம் பார்த்ததைச் சேர்த்து நான் உருவாக்கிய பிள்ளை அவன். வயது 2 வருடம் 4 மாதம். சொற்கள் ஆறு. இரண்டு வயதையொட்டி ஐம்பது சொற்களையும், "பால் வேணும்" மாதிரி இரண்டிரண்டு சொல் சேர்ப்பதையும் எதிர்பார்ப்போம் என்பதால் ஆறு என்பது குறைவுதான்.

முகிலின் அப்பா உட்கார்ந்தவுடன் சொன்னது: "காது நல்லாக் கேக்கும் மேடம். தட்டு விழுந்தாத் திரும்புவான். டிவியில விளம்பரம் வந்தா ஓடி வருவான்."

இதை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் தட்டு விழுவது பெரிய சத்தம், தரையில் அதிர்வும் தெரியும். பேச்சு அப்படியில்லை. பால், கால், வால் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் "ஆ" மூன்றிலும் ஒன்றுதான், அதுதான் உரக்கக் கேட்கும். சொல்லைப் பிரித்துக் காட்டுவது முன்னால் வரும் சிறிய மெய்யொலி. காது லேசாக மங்கியிருந்தால் "ஆ" விழும், "ப்" விழாது. அந்தக் குழந்தைக்கு மூன்றும் ஒரே சொல். தட்டுக்குத் திரும்புவான், பேச்சைப் பிடிக்க மாட்டான்.

அதனால்தான் எந்தக் குழந்தையாக இருந்தாலும் காதிலிருந்து தொடங்குகிறோம். முதல் சோதனையின் பெயர் ஓ.ஏ.இ. இயர்போன் மாதிரி மெத்தென்ற ஒரு முனையைக் காதில் வைத்து "டிக் டிக்" என்று சிறு ஒலிகளை அனுப்புவோம். உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் போன்ற செல்கள் ஆரோக்கியமாக இருந்தால், அந்த ஒலிக்குப் பதிலாக அவையே ஒரு மெல்லிய எதிரொலியை வெளியே அனுப்பும். முனையில் உள்ள மைக் அதைப் பிடிக்கும். குழந்தை எதுவும் சொல்ல வேண்டாம், கை தூக்க வேண்டாம். அழாமல், அசையாமல் இருந்தால் ஒரு காதுக்குச் சில நிமிடங்கள் போதும்.

முகிலுக்கு இரண்டு காதிலும் "ரெஃபர்" என்று வந்தது. அந்தச் சொல்லைத் திரையில் பார்த்ததும் அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெஃபர்" என்றால் காது கேட்காது என்று பொருளில்லை. எதிரொலி வெளியே வந்து சேரவில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான். உள்ளே செல்கள் நன்றாகவே இருந்து, வழியில் அழுக்கோ சளி நீரோ நின்றாலும் இதே முடிவுதான் வரும்.

அதைப் பிரித்தறிய அடுத்த சோதனை, டிம்பனோமெட்ரி. காதுத் துளைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது. நன்றாக அசைந்தால் திரையில் குன்று மாதிரி ஒரு கோடு எழும்பும். பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தால் கோடு படுத்தே கிடக்கும். முகிலுக்குப் படுத்த கோடு.

மூன்றாவதாக பெரா என்று ஒன்று உண்டு. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு பட்டைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. இதற்குக் குழந்தை தூங்க வேண்டும். எல்லாருக்கும் முதல் நாளே இது தேவைப்படாது. பிறந்தவுடன் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றிய குழந்தைக்கும் ஓ.ஏ.இ. நன்றாக வந்தால்கூட பெரா பார்ப்போம். காரணம், அவர்களில் சிலருக்கு உட்காதுச் செல்கள் சரியாக இருந்து, அதற்கு அப்பால் நரம்பில் கோளாறு இருக்கக்கூடும். முதல் சோதனைக்கு அது தெரியாது.

சுருக்கமாக: தட்டுச் சத்தத்துக்குத் திரும்புவது பேச்சு கேட்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஒரு சோதனை காதின் ஒரு பகுதியைத்தான் பார்க்கும். "ரெஃபர்" என்பது அடுத்த படிக்குப் போகச் சொல்லும் சீட்டு.

## "அவனுக்கு எல்லாம் புரியும்"

அடுத்தது புரிதல். முகிலின் அம்மா உறுதியாகச் சொன்னார்: "வெளிய போலாமான்னு கேட்டாப் போதும், செருப்பை எடுத்துட்டு வாசல்ல நிப்பான்."

கேட்கும்போது கையில் வண்டிச் சாவி இருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, இருக்கும்" என்றார்.

இந்தச் சாவிதான் இங்கே விஷயம். குழந்தைகள் கெட்டிக்காரர்கள். சாவி, துப்பட்டா, நேரம், நம் கண் போகும் திசை எல்லாவற்றையும் சேர்த்து ஊகித்துவிடுவார்கள். சொல்லின் பங்கு அதில் எவ்வளவு என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் அறையில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் "பந்து எடு", "செருப்பைக் கொண்டா" என்று சாதாரணக் குரலில் சொல்வோம். முகில் என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். கை எங்கேயாவது காட்டுமா என்று காத்திருந்தான். நான் பந்தை நோக்கி லேசாக விரலை நீட்டினேன். உடனே எடுத்து வந்தான்.

சொல்லைக் கேட்டுப் பொருள் கொள்வதைப் புரிதல் மொழி என்றும், தானே சொல்வதை வெளிப்பாட்டு மொழி என்றும் அறிக்கையில் எழுதுவார்கள். இரண்டுக்கும் தனித்தனி நிலை குறிக்கப்படும். புரிதல் வயதுக்கேற்ப இருந்து வெளிப்பாடு மட்டும் பின்தங்கினால் அது ஒரு வழி. இரண்டும் பின்தங்கினால் வேறு வழி. முகிலுக்குச் சைகையோடு சொன்னால் புரிகிறது, சைகை இல்லாவிட்டால் தடுமாறுகிறான். காதில் பார்த்ததோடு இது பொருந்திப்போகிறது.

இதெல்லாம் நடக்கும்போது பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். குழந்தை திணறினால் நீங்கள் கண்ணால் ஜாடை காட்டாதீர்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் சாவியைக் காட்டிய கதையாகிவிடும்.

## வெறுமனே விளையாடுகிறார்களே

"முக்கால் மணி நேரம் அந்தம்மா குமிழி ஊதிட்டு இருந்தாங்க, வேற ஒண்ணும் பாக்கல" என்று பிறகு குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் குமிழிதான் எங்கள் கையிலுள்ள கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது.

சோப்புக் குமிழியை இரண்டு முறை ஊதிவிட்டு, மூடியை இறுக்கி மூடி குழந்தையின் முன்னால் வைத்துவிடுவேன். பிறகு சும்மா இருப்பேன். இப்போது குழந்தை என்ன செய்கிறது? என் கையில் டப்பாவைத் திணித்து என் முகத்தைப் பார்த்தால், "ஊது" என்று சொல்லாமல் சொல்லிவிட்டது. என் கையை மட்டும் ஒரு கருவி மாதிரி பிடித்து மூடியின் மேல் வைத்து, முகத்தைப் பார்க்கவே இல்லை என்றால் அதைக் குறித்துக்கொள்வேன். தானே பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டால் அதையும்.

மேலே பறக்கும் குமிழியை விரலால் சுட்டி, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கும் பிள்ளை, ஒரு பொருளை இன்னொருவரோடு பகிர்ந்து பார்க்கிறது. இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். சொல் வருவதற்கு முன்பே வர வேண்டியது இது. இது குறைவாக இருந்தால் ஆட்டிசம் இருக்குமோ என்று பார்க்கும் கேள்வித்தாளையும் சேர்ப்போம். அந்தத் தாளில் சில "இல்லை" விழுந்ததாலேயே ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. அதற்கு உளவியலாளரும் குழந்தை மருத்துவரும் நேரமெடுத்துப் பார்க்க வேண்டும்.

முகில் டப்பாவை என் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்த்து "ங்" என்றான். குமிழி பறந்ததும், கூட வந்திருந்த பாட்டியான ஆத்தாவின் பக்கம் திரும்பி விரலை நீட்டினான். பகிரும் ஆசைக்கு அவனிடம் குறைவே இல்லை.

சுருக்கமாக: குமிழி, பொம்மை, விளையாட்டுக் கார் எல்லாவற்றுக்குள்ளும் ஒளிந்திருப்பது, சொல்வதற்கான ஆசை இருக்கிறதா என்ற கேள்வி.

## உங்களிடம் கேட்கும் கேள்விகள்

குழந்தையைப் பார்க்கும் நேரத்தைவிட உங்களிடம் கேட்கும் நேரம் அதிகமாக இருக்கலாம். பிறந்தவுடன் அழுததா, எடை என்ன, எத்தனை நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள், வலிப்பு வந்ததா, கழுத்து நின்றது எப்போது, நடந்தது எப்போது. சொந்தத்தில் கல்யாணமா, குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை உண்டா என்றும் கேட்போம். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை. பிறவிச் செவிக்குறைபாட்டில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது.

குறைமாதத்தில் பிறந்திருந்தால் எத்தனை வாரம் என்று கட்டாயம் சொல்லுங்கள். 40 வாரத்துக்குப் பதில் 32இல் பிறந்த குழந்தை எட்டு வாரம் முன்னால் வந்துவிட்டது. அதற்கு இன்று ஒன்றரை வயது என்றால் வளர்ச்சியைப் பார்க்கும்போது 16 மாதமாகக் கணக்கிடுவோம். இரண்டு வயது வரை இப்படிக் கழிப்பது வழக்கம்.

பிறகு தானே சாப்பிடுகிறதா, சட்டை கழற்றுகிறதா, சிறுநீர் வந்தால் காட்டுகிறதா என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். இதிலிருந்து சமூக வயது என்ற எண் ஒன்று எடுக்கப்படும். அன்றாட வேலைகளில் குழந்தை எந்த வயதுக்குரிய நிலையில் இருக்கிறது என்பதுதான் அது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "தானே சாப்பிடுவானா?" என்றால் "இல்லை" என்கிறார்கள். ஏன் என்று துருவினால், "ஆத்தா ஊட்டிவிட்டுருவாங்க, இவனை விட்டதே இல்ல" என்று வரும். முடியாது என்பதும், விட்டுப் பார்க்கவில்லை என்பதும் வேறு வேறு. எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாட்டியின் பாசம் பேரனின் சமூக வயதில் குறையாக ஏறிவிடும்.

இரண்டு மொழி பேசும் வீடாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகிறது என்பது தவறான எண்ணம். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுவோம்.

## என்ன கொண்டு வர வேண்டும்

தாய் சேய் நலப் புத்தகம், பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, முன்பு எடுத்த காது சோதனைகள், இப்போது கொடுக்கும் மருந்துச் சீட்டு, ஆதார். காகிதம் என்று பார்த்தால் இவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால் பிறந்த ஆஸ்பத்திரியில் நகல் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதற்காக வருகையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதைவிட மதிப்புள்ளவை இரண்டு. ஒன்று, சொல் பட்டியல். மூன்று நாள் முன்பிருந்து ஒரு தாளில், பிள்ளை என்ன ஒலி எழுப்பியது, அதற்கு என்ன பொருள் என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். "தண்ணி"க்கு எப்போதும் "ன்னி" என்றால் அது ஒரு சொல். மாட்டைப் பார்த்து "ம்மா" என்றாலும் சொல்தான். நீங்கள் சொன்னதை உடனே திருப்பிச் சொன்னதை மட்டும் தனியாகக் குறியுங்கள்.

இன்னொன்று, போனில் எடுத்த வீடியோ. ஒரு நிமிடத் துண்டுகள் மூன்று போதும். பாட்டுக்கு ஆடுவதும் பிறந்தநாள் கேக் வெட்டுவதும் வேண்டாம். ஒன்று, தனியாக விளையாடுவது. இரண்டு, ஏதாவது கேட்டு உங்களிடம் வருவது. மூன்று, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நடப்பது. முகிலின் மூன்றாவது வீடியோவில் அம்மா அடுப்படியிலிருந்து நான்கு முறை கூப்பிடுகிறார், அவன் திரும்பவில்லை. ஐந்தாவது முறை அருகில் வந்து கூப்பிட்டதும் திரும்புகிறான். வாயைத் திறந்தே வைத்திருக்கிறான், மூச்சுச் சத்தம் வீடியோவிலேயே கேட்கிறது.

ஆளைப் பொறுத்தவரை, பகலில் குழந்தையோடு இருப்பவர் கட்டாயம் வர வேண்டும். முகிலோடு வந்த ஆத்தா அதுவரை வாயே திறக்கவில்லை. "சளி பிடிக்குமா?" என்று கேட்டபோதுதான், "மாசத்துக்கு ஒருக்கா பிடிக்குங்க. ராத்திரி குறட்டை விடுவான். சளி இல்லாதப்போ கூப்பிட்டாத் திரும்புவான், இருந்தா நாந்தான் முன்னால போய் நிக்கணும்" என்றார். அன்று கிடைத்த தகவல்களிலேயே பெரியது அதுதான். அப்பா வேலைக்கும் அம்மா கடைக்கும் போகிறவர்கள், அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆனால் சித்தி, மாமா என்று ஆறேழு பேராக வர வேண்டாம். அறை சிறியது, குழந்தை யாரைப் பார்ப்பது என்று குழம்பும்.

பிடித்த தின்பண்டம், பழகிய ஒரு பொம்மை, மாற்றுத்துணி இருக்கட்டும். காத்திருக்கும்போது போனைக் கொடுக்காதீர்கள். உள்ளே வரும்போது பிடுங்க வேண்டிவரும், அந்த அழுகை அடங்கவே அரை மணி போகும்.

காதைச் சுத்தம் செய்கிறேன் என்று பட்ஸ் விடாதீர்கள், அழுக்கு உள்ளேதான் போகும். சளி இருந்தால் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். பெரா உண்டு என்று சொல்லியிருந்தால் அன்று காலை சீக்கிரம் எழுப்பி, பகல் தூக்கத்தை மையத்தில் இருக்கும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். தூங்கவைக்க வீட்டில் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். தேவையென்றால் மருத்துவர் எடை பார்த்துத் தருவார். பெரா இல்லாத நாளில் நேர்மாறு: தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிள்ளைதான் வேண்டும்.

## கிளம்பும்போது கையில் என்ன இருக்கும்

ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். குழந்தை களைத்துவிட்டால் மீதியை வேறொரு நாளுக்கு வைப்போம். அது யாருடைய தோல்வியும் இல்லை.

முகிலின் தாளில் எழுதியது இது: இரண்டு நடுக்காதிலும் நீர் தேங்கியிருக்க வாய்ப்பு, மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சி உண்டா என்று பார்க்க காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பப்படுகிறது, புரிதல், வெளிப்பாடு இரண்டும் வயதுக்குக் கீழ், கூட்டுக் கவனம் நன்று, செவிச்சோதனை மூன்று மாதத்தில் மறுபடி. அந்தச் சதை வீங்கினால் மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் அடைபடும், நீர் தங்கும், விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போலத்தான் கேட்கும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே வடியும். வடியாமல் நிற்பதை மருத்துவர் கவனிப்பார். காதுக்குள் நீர் இருப்பதாலேயே பேச்சுப் பின்தங்கல் முழுவதையும் விளக்கிவிட முடியாது. ஆகவே மொழிப் பயிற்சியும் கூடவே தொடங்கும்.

தாளை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இன்று எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை, அடுத்த வருகை வரை வீட்டில் என்ன செய்ய வேண்டும். விடை புரியவில்லை என்றால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

முகில் வீட்டுக்கு நான் எழுதித் தந்தது ஒரே வரி: கூப்பிடும்போது பக்கத்தில் போய், முகம் பார்த்து, டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஆத்தா அதைக் கேட்டுவிட்டு, "அதத்தான நான் செஞ்சிட்டிருக்கேன்" என்றார்.